கொலுப் படியில் எறும்பு, ஈ, கொசு: ஒன்பது மாலைகளுக்கு எந்த வழி பொருந்தும்?

நவராத்திரி நெருங்கும்போது தெரிந்தவர்கள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. படியில் வைக்கும் லட்டையும் வாழைப்பழத்தையும் எறும்பிடமிருந்து காக்கத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதா, சாக்குக்கட்டியால் கோடு போடுவதா? வருகிறவர்களைக் கொசு கடிக்காமலிருக்கச் சுருளைக் கொளுத்துவதா, விசிறியைப் போடுவதா? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழி பழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மாலையில் கைவிடுகிறது. அந்த வழிகளை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

மாலை 5.30 மணிக்கு விளக்கேற்றி, 9 மணிக்கு ஆரத்தி எடுக்கும் வரை கூடம் திறந்தே இருக்கிறது. வாசல் கதவு மூடப்படுவதில்லை. இனிப்பும் பழமும் பூவும் மூன்றரை மணி நேரம் வெளியே இருக்கின்றன. இது ஒன்பது நாள் தொடர்கிறது. புரட்டாசியில் அவ்வப்போது மழையும் பெய்கிறது; மண் நனைந்தால் எறும்புப் புற்று வீட்டுக்குள் இடம் தேடுகிறது. ஒரு நாள் விருந்துக்குப் போதுமான ஏற்பாடு இங்கே போதாததற்கு இவையே காரணம்.

## முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, எந்தப் பூச்சி எதற்காக வருகிறது என்பது. எறும்பு தரை வழியே, முன்னால் போன எறும்பு விட்டுச்சென்ற வாசனைத் தடத்தைப் பிடித்து வருகிறது. ஆகவே வழியை அறுத்தால் அது நின்றுவிடும். வீட்டு ஈ பகற்பூச்சி. கொலுவுக்குப் பலகாரம் எடுத்து வைக்கும் மாலை வேளையில் அதன் தொல்லை மிகுதி, இருட்டிய பிறகு குறையும், ஆயினும் வெளிச்சமான கூடத்தில் சில திரிந்துகொண்டுதான் இருக்கும். பழங்களைச் சுற்றும் மிகச் சிறிய பழ ஈ வேறு இனம். கொசு இனிப்புக்காக வருவதில்லை. நம் மூச்சையும் உடல் வெப்பத்தையும் தேடி வருகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பொழுது சாய்வதற்கு முந்தைய ஓரிரு மணி நேரத்தில் அதிகம் கடிக்கும். சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் இரவில் கடிக்கும். கொலு மாலை இரண்டின் நேரத்தையும் தொட்டு நிற்கிறது.

இரண்டாவது, பயன்படுத்தும் பொருள் உண்ணும் பண்டத்தின் மேல் படியுமா என்பது. நைவேத்தியம் பிறகு குழந்தைகளின் கைக்குப் போகிறது. மூன்றாவது, எரியும் விளக்குக்கும் வரும் விருந்தினருக்கும் அது ஒத்துவருமா என்பது. வருபவர்களில் ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, கர்ப்பிணி யாரேனும் இருப்பார்கள். நான்காவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுவே முக்கியம்: ஒன்பது நாள் தொடரும்போது அந்த ஏற்பாடே ஒரு தொல்லையை வளர்க்குமா?

காரணங்களுக்குப் போகும் முன் என் மதிப்பீட்டைப் பட்டியலாகத் தந்துவிடுகிறேன்.

| வழி | எறும்பு | ஈ | கொசு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| நீர் அரண் | நன்று | பயனில்லை | பயனில்லை; கவனம் தவறினால் கொசு வளரும் | தினமும் நீர் மாற்றும் வேலை |
| வலை மூடி | பயனில்லை | நன்று | தொடர்பில்லை | காட்சி மறையும் |
| மின்விசிறி | பயனில்லை | ஓரளவு | நன்று | விளக்கு அணையும், பூ வாடும் |
| சாம்பிராணி, சுருள் | பயனில்லை | சிறிது | ஓரளவு | புகை |
| திரவக் கொசுவிரட்டி | பயனில்லை | சிறிது | மூடிய அறையில் நன்று | திறந்த கதவில் வலிமை குறையும் |
| சாக்குக்கட்டி | நன்று | பயனில்லை | பயனில்லை | நஞ்சு குழந்தை கைக்கு எட்டும் |
| சர்க்கரை இரை | மிக நன்று, ஆனால் மெதுவாக | பயனில்லை | பயனில்லை | முன்கூட்டியே தொடங்க வேண்டும் |

## நீர் அரண்

படியின் கால்களையோ பலகாரத் தட்டையோ நீருள்ள கிண்ணத்தில் நிறுத்துவது பாட்டி காலத்து வழி. சரியாகச் செய்தால் எறும்பைத் தடுப்பதில் இதற்கு ஈடாக, நஞ்சில்லாத வேறொன்று இல்லை. கிண்ணத்தில் 2 சென்டிமீட்டர் ஆழம் நீர் வேண்டும். காலுக்கும் கிண்ண விளிம்புக்கும் இடையே எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அகலம் வேண்டும். நீரின் மேல் தூசும் பூவிதழும் படிந்தால் அது எறும்புக்குப் பாலமாகிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டால் நீரின் மேற்பரப்பு இறுக்கம் குறைந்து, இறங்கும் எறும்பு மிதக்க முடியாமல் மூழ்கும்.

இந்த அரண் தோற்பது பெரும்பாலும் நீரினால் அன்று, நீரைச் சுற்றிப் போகும் மாற்று வழியினால்தான். படியை மூடிய வேட்டியின் நுனி தரையைத் தொடும். மேல்படி சுவரில் சாய்ந்திருக்கும். சீரியல் விளக்கின் வயர் சுவிட்ச் பெட்டியிலிருந்து படிக்கு வந்திருக்கும். கிண்ணத்தில் ஓர் எறும்பும் செத்து மிதக்காமல் தட்டில் மட்டும் எறும்பு மொய்த்தால், அவை மேலே சொன்ன மூன்றில் ஒன்றின் வழியே வந்தவை என்று உறுதியாகச் சொல்லலாம்.

இனி நான்காவது கேள்வி. ஏடிஸ் கொசு, தேங்கிய தெளிந்த நீரின் விளிம்பை ஒட்டி, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே ஆகும். அமாவாசையன்று நிரப்பிய கிண்ணத்தை விஜயதசமி வரை தொடாமல் விட்டால், எறும்பைத் தடுக்க வைத்த நீரே கொசுவை வளர்த்து முடித்திருக்கும். எனவே நீரைத் தினமும் கொட்ட வேண்டும். கொட்டுவதோடு உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும், ஏனெனில் ஒட்டிய முட்டை நீரில்லாமல் பல மாதங்கள் காய்ந்து கிடந்தாலும் மீண்டும் நனைந்தால் பொரிக்கும்.

இதே கணக்கு கொலுவிலுள்ள மற்ற நீருக்கும் பொருந்தும். பூ மிதக்கும் உருளி, பூங்காவில் குழந்தைகள் கட்டும் தெப்பக்குளம், தாமரைத் தண்டு நிற்கும் ஜாடி ஆகிய மூன்றையும் இரவில் கொட்டிக் காலையில் நிரப்புவதே நல்லது. கலசத்தை நடுவில் அசைக்கக் கூடாது என்னும் வீடுகளில், நீர் ஊற்றியதும் வாயைச் சுற்றி மெல்லிய துணி கட்டி, அதன்மேல் மாவிலையும் தேங்காயும் வைத்தால் கொசு நுழைய இடமிருக்காது. அரிசி நிரப்பிய கலசம் வைக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

தினமும் கிண்ணம் கழுவ ஆளில்லாத வீட்டுக்கு நான் நீர் அரணைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே படிக்கால்களைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வாசலின் களிம்பு பூசுவது மேல். வழுவழுப்பான அந்தப் பட்டையை எறும்பு கடக்கத் தயங்கும். தூசி படியப் படிய அதன் பயன் குறையும் என்பதால் மூன்று நாளுக்கொரு முறை துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசுவது தவறு. பல எறும்புகளுக்கு அதுவே உணவு.

## மூடியும், வெளியே வைக்கும் அளவும்

வலை மூடி ஈக்கு நல்ல தடை, எறும்புக்குத் தடையே அன்று. ஆகவே மூடியும் நீர் அரணும் ஒன்றுக்கொன்று மாற்று என்று எண்ணாமல், இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். அகன்ற கண்ணுள்ள பிளாஸ்டிக் வலை வீட்டு ஈயைத் தடுக்கும். பழ ஈ அதற்குள் எளிதாகப் புகும். பழத்தட்டுக்கு மெல்லிய மல் துணியே ஏற்றது. துணி பண்டத்தின் மேல் படாதபடி நடுவில் ஒரு டம்ளரை நிறுத்திக் கூடாரம்போல விரிக்கலாம். துணி ஒட்டிக்கிடந்தால், ஈ துணியின் மேல் உட்கார்ந்தே தன் வேலையை முடித்துவிடும்.

மூடினால் கொலுவின் அழகு போகிறதே என்பது நியாயமான குறை. இதற்கு என் விடை, காட்சிக்கு வைக்கும் அளவைக் குறைப்பது. நைவேத்தியத்துக்கு ஒரு சிறு கிண்ணச் சுண்டலும் நான்கு லட்டும் போதும். அவற்றைக் கண்ணாடி மூடியுள்ள தட்டில் வைத்தால் பார்க்கவும் முடியும். வருபவர்களுக்குக் கொடுப்பதைச் சமையலறையில் மூடிய பாத்திரத்திலிருந்து எடுத்துத் தரலாம். தேங்காய் சேர்த்த சுண்டல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடத்து வெப்பத்தில் இருப்பது, ஈ மொய்க்காவிட்டாலும், நல்லதன்று. படியில் தட்டுத் தட்டாக அடுக்கும் வழக்கத்தை விட மனமில்லாதவர்கள், தோசைக்கல் அளவுத் தாம்பாளத்தை நீர் ஊற்றிய அதைவிடப் பெரிய தாம்பாளத்தில், நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் நிறுத்தலாம்.

பழத்தில் தேர்வுதான் பாதி வேலை. மாதுளை, சாத்துக்குடி, ஆப்பிள் போன்றவை தோல் கிழியாத வரை நாள்கணக்கில் படியிலிருந்தாலும் ஈயை அழைப்பதில்லை. கனிந்த வாழைப்பழமும் கொய்யாவும் சீத்தாப்பழமும் அழைக்கும். பழ ஈயின் முட்டை கடையிலிருந்தே பழத்தோடு வருவதும் உண்டு. அதுவும் ஏறத்தாழ ஒன்பது, பத்து நாளில் முழு ஈயாகிவிடும். எனவே வாங்கியவுடன் கழுவித் துடைப்பது, வாழைப்பழத்தை அன்றன்று மாற்றுவது, மாற்றிய பழத்தை அன்றிரவே உண்பது அல்லது கொடுத்துவிடுவது என்ற மூன்றும் வேண்டும். ஏற்கெனவே வந்துவிட்டால், கால் டம்ளர் வினிகரில் சிறிது சர்க்கரையும் ஒரு சொட்டுச் சோப்பும் கலந்து சமையலறை மூலையில் வையுங்கள். அவை அதில் விழும். அதைப் படிக்கருகே வைக்கக் கூடாது, ஏனெனில் அது முதலில் கவர்ந்திழுக்கும், பிறகுதான் கொல்லும்.

## மின்விசிறி

கொசு பறப்பதில் வலுவற்றது. மனிதருக்கு இதமாகத் தோன்றும் காற்றிலேயே அதனால் நேராகப் பறந்து வந்து உட்கார முடிவதில்லை. நம் மூச்சின் தடத்தையும் காற்று கலைத்துவிடுகிறது. புகையில்லை, நஞ்சில்லை, உணவின் மேல் எதுவும் படிவதில்லை. கதவு திறந்திருந்தாலும் வேலை செய்யும். திறந்த கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கொசுத் தடுப்பை நான் காணவில்லை.

ஆனால் மேலே சுழலும் விசிறி போதாது. பாயில் உட்கார்ந்து பாடுபவர்களின் கணுக்காலைத்தான் கொசு தேடுகிறது. கூரை விசிறியின் காற்று அங்கே சேரும்போது தளர்ந்துவிடும். மேசை விசிறியைத் தரையிலேயே வைத்து, உட்கார்ந்திருப்பவர்களின் முழங்காலுக்குக் கீழே குறுக்காக வீசும்படி திருப்ப வேண்டும். அப்போது காற்றின் ஓட்டம் படிக்கு முன்னால் கடந்துபோகும். படியின் மேல் நேரே அடிக்காது.

இதன் செலவு விளக்கில் தெரியும். குத்துவிளக்கின் சுடர் ஒரே பக்கம் சாய்ந்து எண்ணெய் வழிந்தால் காற்று அதிகம் என்று பொருள். காகித அலங்காரமும் திரைத்துணியும் சுடரின் பக்கம் அசைவது அணைவதைவிட ஆபத்து. விளக்கை விசிறிக்கு எதிர்மூலையில், கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். மல்லிகைச் சரம் காற்றில் விரைவில் வாடும்; 7 மணிக்கு ஒருமுறை நீர் தெளித்தால் இரவு வரை தாங்கும்.

## புகை

சாம்பிராணியும் வேப்பிலைப் புகையும் போடும்போது கொசு சிறிது நேரம் விலகுவது உண்மை. புகை அடங்கிய சில நிமிடங்களில் திறந்த வாசல் வழியே அவை திரும்பிவிடும். எனவே சாம்பிராணியைப் பூஜையின் பகுதியாக, விருந்தினர் வருமுன் ஒருமுறை போடுவதோடு நிறுத்துவது சரி. மூன்றரை மணி நேரத்துக்கான காவலாக அதை நம்ப முடியாது.

கொசுவர்த்திச் சுருளைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்கு ஈடாகும் என்று ஆய்வு கணித்திருக்கிறது. ஆட்கள் நிறைந்த கூடத்தில், குழந்தைகள் பாடிக்கொண்டிருக்கும் இடத்தில் அதைக் கொளுத்த எந்தக் காரணமும் இல்லை. மின்சாரம் நின்ற இரவில், வெளித்திண்ணையில், ஆட்களிடமிருந்து தள்ளி வைப்பது ஒன்றே அதற்குரிய இடம்.

## திரவக் கொசுவிரட்டியும் தெளிப்பானும்

பிளக்கில் செருகும் திரவம், அறைக்குள் மெல்ல நிறையும் ஆவியால் வேலை செய்கிறது. அதற்கு அரைமணி நேரமாவது ஆகும்; கதவும் ஜன்னலும் திறந்திருந்தால் ஆவி நிலைப்பதில்லை. விசிறியையும் இதையும் ஒரே இடத்தில் போட்டால் ஆவியை விசிறியே வெளியே தள்ளிவிடும். ஆகவே இதற்கு ஏற்ற நேரம் 4.30 முதல் 5.30 வரை: கூடத்தைச் சாத்தி, பண்டமும் பழமும் இன்னும் சமையலறையில் இருக்கும்போதே போட்டு, பிறகு அணைத்துக் கதவைத் திறந்து, காற்று மாறியபின் தட்டுகளை எடுத்து வைக்கலாம். உள்ளே ஏற்கெனவே பதுங்கியிருந்த கொசு அதில் ஒழியும். புதிதாக வருவதை விசிறி தடுக்கும்.

கொல்லும் தெளிப்பானைப் படியிலோ பூவிலோ அடிக்கவே கூடாது. அந்தப் பூ மறுநாள் ஒரு குழந்தையின் தலைக்குப் போகலாம். வீட்டில் மீன்தொட்டி இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இவற்றிலுள்ள பைரித்ராய்டு வகை மருந்து மீனுக்குக் கடும் நஞ்சு.

## எறும்புக்கு: சாக்குக்கட்டியா, இரையா?

சாக்குக்கட்டிக் கோடு உடனே பலன் தருகிறது. அதுதான் அதன் கவர்ச்சி. அதிலும் பைரித்ராய்டு நஞ்சே இருக்கிறது. கோலமும் பொம்மையும் உள்ள இடத்தில் வெள்ளைக் கட்டி கிடந்தால் குழந்தை அதை எழுதும் சாக்குக்கட்டி என்றே எடுக்கும். கோட்டைத் தொட்ட விரல் நேரே லட்டுக்குப் போகும். சிறு குழந்தைகள் வராத வீட்டில், கதவின் வெளிப்புற விளிம்பிலோ ஜன்னல் சட்டத்திலோ போடலாம். படியின் அருகே வேண்டாம்.

பத்து நாள் முன்பே எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இரையே சிறந்தது. 100 மில்லி நீரில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும், ஒரு கிராம் போரிக் அமிலப் பொடியும், அதாவது கால் தேக்கரண்டி அளவும், கரைத்துப் பஞ்சில் நனைத்துப் பாட்டில் மூடிகளில் வைக்க வேண்டும். பொடி கூடினால் பலன் கூடும் என்று நினைப்பது தவறு. அதிகமானால் எறும்பு வழியிலேயே சாகும். குறைவாக இருந்தால்தான் அது புற்றுக்குக் கொண்டுபோய் மற்றவற்றுக்கும் ஊட்டும். முதல் இரண்டு நாள் மூடியைச் சுற்றிக் கூட்டம் பெருகும். அது வேலை செய்வதன் அறிகுறி, துடைத்துவிடாதீர்கள். ஒரு வாரத்தில் கூட்டம் மெலியும். மூடிகளைக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் போன்ற, குழந்தையும் வளர்ப்பு விலங்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

சர்க்கரையை எறும்பு சீண்டவில்லையெனில், ஒரு சொட்டுச் சர்க்கரை நீரையும் ஒரு சிட்டிகை தேங்காய்த் துருவலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். துருவலுக்குப் போனால் அது கொழுப்பை விரும்பும் இனம். இனிப்பு இரை அதற்கு உதவாது, சுண்டலுக்கு நீர் அரணே வழி.

தடத்தை அழிப்பது எல்லோருக்கும் பொதுவான வேலை. வெறும் ஈரத்துணியால் துடைத்தால் வாசனைத் தடம் முழுதும் போகாது. சோப்பு நீரால், எறும்பு வரும் விரிசல் வரை பின்தொடர்ந்து துடைக்க வேண்டும். மஞ்சள் பொடி தூவுவது சில மணி நேரம் தடுமாறச் செய்யும், அவ்வளவே. அரிசி மாக்கோலத்தை வாசலில் போடுங்கள். எறும்புக்கு உணவாக வேண்டும் என்பதே அதன் கருத்து. படியின் முன்னால் அதே மாவில் கோலமிட்டால் விருந்துக்கு வழி காட்டியதாகும். உள்ளே கல்மாவுக் கோலப்பொடி போதும்.

## எங்கள் வீட்டு ஐந்து படி

சென்ற ஆண்டு எங்கள் கொலுவில் நான்கு கால்களுக்கும் கிண்ணம் வைத்தேன். மூன்றாம் நாள் மாலை மூன்றாவது படியில் லட்டுத் தட்டின்மேல் சிற்றெறும்பு மொய்த்தது. கிண்ணத்தில் ஓர் எறும்பும் இல்லை. கைவிளக்கை அடித்துத் தேடியபோது, சீரியல் விளக்கின் வயர் மேல் ஒற்றை வரிசையாக அவை நடந்து வருவதைக் கண்டோம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயர் படியைத் தொடும் இடத்துக்கு ஒரு சாண் முன்பாக அதைச் சுற்றி வாசலின் பூசினேன். படியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினோம். வேட்டியின் கீழ்நுனியைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு மடித்து ஊசி குத்தினோம். தட்டிலிருந்த லட்டை வெளியே செடியருகே வைத்துவிட்டு, படியைச் சோப்பு நீரால் துடைத்தோம். மறுநாள் இரண்டு மூன்று எறும்புகள் வயரில் வாசலின் பட்டை வரை வந்து திரும்பின. ஐந்தாம் நாளிலிருந்து அதுவும் இல்லை.

விசிறியில் நான் செய்த பிழை வேறு. முதல் நாள் படிக்கு நேரெதிரே வைத்ததால் விளக்கு இரண்டு முறை அணைந்தது. மனத்துக்குச் சங்கடமாக இருந்தது. வலப்புறத் தரையில், ஆறடி தள்ளி, குறைந்த வேகத்தில் வைத்து, விளக்கை இடப்புறம் கண்ணாடிக்குள் மாற்றிய பிறகு ஒன்பதாம் நாள் வரை அணையவில்லை. வந்த பெண்கள் யாரும் காலைத் தட்டிக்கொண்டு உட்காரவில்லை.

இரவு ஆரத்திக்குப் பிறகு கால் மணி நேர வேலை மிச்சம் இருந்தது. என் மகள் நிர்மால்யப் பூவை எடுத்து அன்றிரவே உரக்குழியில் போடுவாள், ஏனெனில் கூடையில் அழுகும் பூ மறுநாள் ஈயை அழைக்கும். நான் உருளி நீரைக் கொட்டி, கிண்ணங்களைத் தேய்த்துக் கவிழ்ப்பேன். பொம்மைகள் இருக்க, உண்ணும் பொருள் எதுவும் இரவில் படியில் இராது. நான்கு கிண்ணங்களையும் மறுநாள் மாலை 5 மணிக்குத்தான் மீண்டும் நிரப்புவோம். படிக்கால்களை அவற்றில் தூக்கி வைக்க ஒவ்வொரு முறையும் இருவர் வேண்டியிருந்ததால், இந்த ஆண்டு படிக்கால்களுக்கு வாசலினும், பலகாரத் தட்டுக்கு மட்டும் நீரும் என்று முடிவு செய்திருக்கிறோம்.